பொட்டில் வலி, தாடையில் காரணம்: பல் கடிப்பதால் வந்த ஒரு தலைவலியின் ஆய்வு

நோயாளி 36 வயதுப் பெண். கணினியில் கட்டட வரைபடம் தயாரிப்பவர். ஏழு மாதங்களாக இரு பொட்டுகளிலும் மந்தமான, அழுத்திப் பிடித்தது போன்ற வலி, வலப்பக்கம் அதிகம். மாதத்தில் ஏறக்குறைய 22 நாட்கள் வலி இருந்தது. அதில் 12 நாட்களாவது ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். குமட்டல் இல்லை, வெளிச்சமும் சத்தமும் தொந்தரவு தரவில்லை, துடிப்பாகவும் வலிக்கவில்லை. கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. சைனஸ் என்று கருதி ஒரு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பலன் இல்லை.

அவர் சொன்னவற்றில் முக்கியமான தகவல் வலி வரும் நேரம்தான். எழுந்தவுடன் பொட்டும் கன்னமும் இறுகியிருக்கும், ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பிறகு மாலை மூன்று, நான்கு மணிக்கு மேல் வலி மெதுவாக ஏறும். விடுமுறை நாட்களில் காலை வலி இருக்கும், மாலை வலி பெரும்பாலும் வராது. ஒரே தலைவலி என்று அவர் நினைத்ததற்கு இரண்டு வேளைகள் இருந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொன்னதால், தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ள கடையில் கிடைக்கும் மென்மையான நைட் கார்டு ஒன்றை வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்து மூன்று வாரம் அணிந்திருக்கிறார். காலை வலி கூடியது. பல் மருத்துவரிடம் வந்ததற்கு அதுதான் உடனடிக் காரணம்.

தாடைத் தசை ஏன் பொட்டில் வலிக்கிறது

விரல் நுனிகளைப் பொட்டில் வைத்துக் கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்தால், விரலுக்கு அடியில் ஒரு தசை புடைப்பது தெரியும். அதுதான் டெம்போரலிஸ். காதுக்கு மேலே மண்டையின் பக்கவாட்டில் விசிறி போல் விரிந்து, கன்ன எலும்பு வளைவுக்கு உட்புறமாக இறங்கிக் கீழ்த்தாடையைப் பிடித்திருக்கிறது. முன்பக்க இழைகள் தாடையை மேலே தூக்கி மூடுகின்றன. பின்பக்க இழைகள் தாடையைப் பின்னுக்கு இழுக்கின்றன. தலைவலி என்று நாம் உணரும் இடத்தில் இருப்பது மெல்லும் தசை. இதற்குத் துணையாகக் கன்னத்தில் இருக்கும் மாசெட்டர் தசையும் தன் வலியைப் பொட்டு, காது, கடைவாய்ப் பல் ஆகிய இடங்களுக்கு அனுப்பும். காதில் குறையில்லாமல் காது வலி என்று வருபவர்களில் சிலருக்குப் பிரச்சினை இங்கேதான்.

ஓய்வாக இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பேசும்போது பற்கள் அநேகமாகத் தொடுவதில்லை. விழுங்கும்போதும் மெல்லும்போதும் சில கணங்கள் தொடும். ஆகவே பற்கள் ஒட்டியிருப்பதே தசைக்கு வேலை. இறுகக் கடிக்க வேண்டியதில்லை. லேசாகத் தொட்டபடி மணிக்கணக்கில் வைத்திருந்தாலே தசை களைத்து வலிக்கத் தொடங்கும். இதைப் பலர் பல் கடிப்பதாகவே எண்ணுவதில்லை. ‘பகலில் பல் கடிப்பீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இந்த நோயாளியும் அப்படித்தான் சொன்னார்.

பரிசோதனை

வலியில்லாமல் வாய் திறந்த அளவு 34 மில்லிமீட்டர். வலியைப் பொறுத்துக்கொண்டு முழுவதும் திறந்தபோது 44. மேல், கீழ் வெட்டுப்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளப்பது இது. பெரியவர்களுக்கு 40-க்கு மேல் இருந்தால் இயல்பு. வீட்டில் பார்க்க வேண்டுமென்றால், சொந்தக் கையின் நடு மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழைகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி ஒரு துப்பு. தாடை மூட்டில் ஏதோ தடுத்து நிறுத்தியிருந்தால், வலியைப் பொறுத்தாலும் 44 வந்திருக்காது. வலிக்குப் பயந்து தசைதான் முன்கூட்டியே நிறுத்துகிறது.

அடுத்தது அழுத்திப் பார்த்தல். டெம்போரலிஸின் முன், நடு, பின் பகுதிகளையும் மாசெட்டரையும் விரல் நுனியால் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தில், ஒவ்வோர் இடத்திலும் சில நொடிகள் அழுத்த வேண்டும். சமையலறைத் தராசில் விரலை வைத்து அழுத்திப் பழகினால் அந்த அளவு கைக்கு வந்துவிடும். காதுக்கு முன்னால் உள்ள மூட்டின் மேல் அதில் பாதி போதும். இங்கே ‘வலிக்கிறதா?’ என்று மட்டும் கேட்பது தவறு. இந்த அழுத்தத்தில் பலருக்கும் எங்காவது ஓரிடம் வலிக்கும். கேட்க வேண்டியது, ‘உங்களுக்கு வழக்கமாக வருகிற அந்தத் தலைவலி இதுதானா?’ என்பது. வலப்பக்க டெம்போரலிஸின் முன்பகுதியை அழுத்தியபோது அவர், “இதேதான், சாயங்காலம் வருவது இதுதான்” என்றார். இடப்பக்கமும் வலித்தது, ஆனால் அது அவருக்குப் பழகிய தலைவலி அல்ல.

தாடைக் கோளாறால் வரும் தலைவலி என்று முடிவு செய்ய இந்த அடையாளம் காணல் அவசியம். வலி பொட்டில் இருக்க வேண்டும். மெல்லுதல், கொட்டாவி, பல் கடித்தல் போன்ற தாடை வேலைகளால் அது கூடவோ குறையவோ வேண்டும். பொட்டுத் தசையை அழுத்தியோ தாடையை அசைத்தோ அதே வலியை வரவழைக்க முடிய வேண்டும். மூன்றும் இவருக்குப் பொருந்தின.

வலது மூட்டில் திறக்கும்போதும் மூடும்போதும் ‘க்ளிக்’ என்ற சத்தம் இருந்தது. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டு சற்று முன்னால் நழுவியிருப்பதால், தாடை திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறும் சத்தம் அது. வலி இல்லை, தாடை சிக்கிக்கொண்டதும் இல்லை. இப்படிப்பட்ட சத்தம் வலியே இல்லாத பலரிடமும் இருக்கிறது. கேட்டவுடன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வதில் பயனில்லை, இவருக்கு எடுக்கவுமில்லை.

நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த நெளிவுகளும், கன்னத்தின் உட்புறம் பல் சேருமிடத்தில் ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தன. கோரைப்பற்களின் நுனிகள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. தேய்வைப் பார்த்தவுடன் ‘இரவில் கடிக்கிறீர்கள்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் எப்போது தேய்ந்தது என்பதைத் தேய்வு சொல்லாது. பத்து வருடத்துக்கு முன் கடித்து நிறுத்தியவருக்கும் அதே தேய்வு இருக்கும். வயிற்று அமிலம் வாய்வரை மேலேறும் ரிஃப்ளக்ஸ் பல்லை மென்மையாக்கித் தேய்வைக் கூட்டவும் செய்யும்.

விலக்கிப் பார்த்தவை

கடிக்கும்போதோ, கடித்ததை விடும் கணத்திலோ ஒரே பல்லில் சுரீரென்று வலித்தால் அது விரிசல் விட்ட பல்லாக இருக்கலாம். ஒவ்வொரு பல்லாகக் கடிக்க வைத்துப் பார்த்ததில் அப்படி எதுவும் இல்லை. குறட்டை, மூச்சு நின்று திணறி எழுதல், பகல் தூக்கம் ஆகியவை இல்லை. இருந்திருந்தால் தூக்கப் பரிசோதனை முதலில் வந்திருக்கும். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களுக்கும் காலைத் தலைவலி வரும். பற்களை மூடும் தட்டான ஸ்பிளின்ட், மேல்தாடையில் அணியும் சாதாரண வகை, அவர்களில் சிலருக்கு மூச்சுத் தடையை மோசமாக்கியிருக்கிறது.

மருந்துகளைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குப் பல் கடித்தலைத் தூண்டும். அப்படியிருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. இவர் அவை எதையும் எடுக்கவில்லை. காப்பி மட்டும் நாளுக்கு ஐந்து, கடைசிக் கோப்பை இரவு ஏழு மணிக்கு.

வலி மாத்திரையும் கணக்கில் வர வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால் மாத்திரையே தலைவலியை நிலைநிறுத்தக் கூடும். இவர் அந்த எல்லைக்கு அருகில் இருந்தார்.

இவரது வயதுக்குப் பொருந்தாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் பொட்டில் புதிதாக வலி வந்து, கொஞ்ச நேரம் மென்றதும் தாடை வலித்து, நிறுத்தினால் தணிந்து, சீப்பு பட்டாலும் உச்சந்தலை கூசினால், அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். பார்வை மங்குவதோ இரட்டையாகத் தெரிவதோ சேர்ந்துவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை தாமதமானால் பார்வை நிரந்தரமாகப் போய்விடக் கூடும். பல் கடித்தல் என்று ஸ்பிளின்ட் செய்துகொண்டிருக்க அங்கே நேரமில்லை.

பகலை அளந்தது

பகலில் பல் கடிப்பதில்லை என்று அவர் நம்பியதால் வாதாடுவதில் பொருளில்லை, அளக்கச் சொன்னார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஒழுங்கில்லாத இடைவெளியில் நாளுக்குப் பத்து முறை கைபேசி அதிர வேண்டும். அதிர்ந்த கணத்தில் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, என்ன வேலையில் இருக்கிறார் என்ற இரண்டை மட்டும் குறிக்க வேண்டும். ஒரு வாரத்தில் 70 குறிப்புகள். அதில் 41-இல் பற்கள் தொட்டிருந்தன. பெரும்பாலானவை வரைபடத்தில் நுணுக்கமான திருத்தம் செய்த நேரங்கள். மாலை வலிக்கு விளக்கம் அங்கே கிடைத்துவிட்டது.

இரவுக் கடித்தலும் பகல் கடித்தலும் ஒரே பழக்கத்தின் இரு வேளைகள் அல்ல. இரவில் நடப்பது, தூக்கம் கணநேரம் லேசாகும்போது மூளை தானாகத் தூண்டும் தாள அசைவு. அதை மனதால் நிறுத்த முடியாது. பகலில் நடப்பது கவனத்தோடும் பதற்றத்தோடும் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதைக் கலைக்க முடியும். சிகிச்சை பகலிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இதுதான். இரவுக்கு ஸ்பிளின்ட் செய்து கொடுத்துவிட்டுப் பகலைத் தொடாமல் விட்டிருந்தால், மாலை வலி அப்படியே இருந்திருக்கும்.

முதல் ஆறு வாரம்: வீட்டில் செய்தது

தாடையின் ஓய்வு நிலையைக் கற்பது முதல் வேலை. ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்த வேண்டும். ‘ந்’ சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். ‘ன்’ சொன்னால் பல்லுக்குச் சற்றுப் பின்னால் மேட்டில் நிற்கும். நாக்கு அங்கே லேசாகப் படிந்திருக்க, உதடுகள் மெல்ல மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, மூச்சு மூக்கு வழியாக. கைபேசி அதிரும் ஒவ்வொரு முறையும் இந்த நிலைக்குத் திரும்பி, தோளைத் தளர்த்தி, ஒரு மூச்சை நீளமாக விட வேண்டும். இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, பல் தொடக் கூடாது என்று தாடையை விறைப்பாகத் திறந்து பிடிப்பது. அப்போது திறக்கும் தசைகள் களைத்து, தாடைக்குக் கீழே வலிக்கும். பற்களைப் பிரித்துப் பிடிக்கக் கூடாது. கடிப்பதை விட்டால் போதும், தாடை தன் எடையில் தொங்கிக்கொள்ளும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை வைத்தார். துணி நாலைந்து நிமிடத்தில் ஆறிவிடும். மீண்டும் நனைக்க வேண்டும். அதன்பின் டெம்போரலிஸையும் மாசெட்டரையும் விரல் நுனிகளால் சிறு வட்டங்களாக இரண்டு நிமிடம் தேய்த்தார். பிறகு பயிற்சி: நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுதல், ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை. நாக்கு அங்கே இருக்கும் வரை தாடை அளவுக்கு மேல் திறக்காது, அதனால் மூட்டுக்குச் சுமை குறைவு.

உணவில், இரண்டு வாரம் கடினமானதையும் சவ்வு போல் இழுபடுவதையும் விட்டார், சூயிங்கம்மை முழுவதும் நிறுத்தினார், இரு பக்கமும் மென்றார். மென்மையான உணவை மாதக்கணக்கில் நீட்டிப்பது நல்லதல்ல. தசை வலுவிழந்து சிறு வேலைக்கும் வலிக்கத் தொடங்கும். கொட்டாவி வரும்போது மூடிய கையைத் தாடைக்குக் கீழே வைத்துத் தடுத்தார். காப்பி இரண்டு கோப்பையாகக் குறைந்தது, கடைசிக் கோப்பை பிற்பகலுக்கு முன். ஒரே நாளில் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கினால் காப்பி நிறுத்திய தலைவலியே வரும். எனவே பத்து நாட்களில் படிப்படியாகக் குறைத்தார். ஐபுப்ரோஃபென் வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

இரண்டாம் வாரம் வலி கூடியது. விசாரித்ததில், சீக்கிரம் குணமாக வேண்டும் என்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்களை அகட்டி நீட்டத் தொடங்கியிருந்தார். அதை நிறுத்தி, பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார்கள். பயிற்சியின்போது லேசான இழுப்பு இருக்கலாம், ஆனால் சில நிமிடங்களில் அது தணிய வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் வலி நீடித்தால் அளவு அதிகம் என்று பொருள்.

ஆறாம் வாரத்தில் அதே அளவீட்டை மீண்டும் செய்தார்: 70-இல் 14. மாலை வலி வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. வலியற்ற வாய்த் திறப்பு 41 மில்லிமீட்டர். காலை இறுக்கம் குறைந்தாலும் போகவில்லை.

ஸ்பிளின்ட்: எப்போது, எப்படிப்பட்டது

நாட்பட்ட தாடை வலிக்கு என்ன செய்யலாம் என்று 2023-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பழக்க மாற்றச் சிகிச்சை, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கையால் செய்யும் சிகிச்சை ஆகியவற்றை முன்னே வைத்தது. ஸ்பிளின்டை வலிக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்க அது தயங்கியது. பல் மருத்துவர்களில் பலர் இதை ஏற்க மறுக்கிறார்கள். ஸ்பிளின்டிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது இது. இரவுக் கடித்தலை அது நிறுத்தாது. பல் தேய்வதையும் நிரப்பிய பற்கள் உடைவதையும் தடுக்கும். விசையைப் பல பற்களுக்குப் பங்கிட்டுத் தரும். சிலருக்குக் காலை வலியைக் குறைக்கும். இவருக்குக் காலை வலி மிச்சமிருந்தது, பல்லும் தேய்ந்திருந்தது. அதனால் செய்தார்கள்.

கடினமான அக்ரிலிக், மேல்தாடைப் பற்கள் அனைத்தையும் மூடுவது, கடைவாயில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன், மேற்பரப்பு தட்டை. வாய் மூடும்போது கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதைத் தொட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டும் சறுக்கி, மற்றவை விலக வேண்டும். கடையில் வாங்கியது தோற்றது இங்கேதான். மென்மையான பொருள் கடிக்கக் கடிக்க அமுங்கும். சிலர் அதை இரவெல்லாம் மெல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கடித்து வடிவமைத்ததில் இரு பக்கமும் சமமாக அமைவதும் இல்லை. முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கருவிகளில் வேறு ஆபத்து உண்டு: நெடுநாள் அணிந்தால் மூடப்படாத கடைவாய்ப் பற்கள் மெல்ல நீண்டு, முன்பற்கள் சேராமல் திறந்தே நின்றுவிடும்.

ஸ்பிளின்ட் அணிந்த முதல் வாரத்தில் வலப்பக்கக் காலை வலி அப்படியே இருந்தது. வண்ணத்தாளைக் கடிக்க வைத்தபோது, வலப்பக்கக் கடைசி கடைவாய்ப் பல்லின் குறி மட்டும் கருமையாகப் பதிந்தது. இடப்பக்கம் பாதிக்கு மேல் குறியே இல்லை. உயர்ந்த இடத்தை அரைத்து, எல்லாக் குறிகளும் ஒரே அடர்த்தி வரும்வரை சரி செய்தார்கள். தசை தளரும்போது தாடையின் இருப்பும் கொஞ்சம் மாறும் என்பதால், மூன்று வாரம் கழித்து மீண்டும் பார்த்தபோது சிறு திருத்தம் தேவைப்பட்டது. வாங்கி அணிந்துகொண்டு திருத்தத்துக்கு வராமல் இருப்பவர்களுக்கு ஸ்பிளின்ட் பலன் தராமல் போவது இதனால்தான்.

இரவில் மட்டும் அணிய வேண்டும். காலையில் கழற்றியதும் பற்கள் வழக்கம்போல் சேராத உணர்வு சில நிமிடம் இருக்கலாம். அது மதியம் வரை நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அணிவதை நிறுத்திக் காட்ட வேண்டும். குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவினால் போதும்; வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

செய்யாமல் விட்டவை

மேல், கீழ்ப் பற்கள் சேரும் கடி சரியில்லை என்று சொல்லிப் பற்களை அரைப்பது, பல்லின் மேல் கிரீடம் என்ற உறை போட்டு உயர்த்துவது, தலைவலிக்காகப் பல் வரிசை திருத்துவது ஆகியவை இவருக்கு முன்பே ஓரிடத்தில் சொல்லப்பட்டிருந்தன. இவற்றைச் செய்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. வலிக்குப் பலன் தரும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரமும் இல்லை. வலியுள்ள தசை தாடையை இழுத்து வைத்திருக்கும் நாட்களில் கடியைப் பார்ப்பதே தவறான அளவைத் தரும்.

போட்டாக்ஸ் ஊசியைப் பற்றி அவரே கேட்டார். அது தசை கடிக்கும் வலுவைக் குறைக்கிறது; கடிக்கும் தடவைகளை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மூன்று, நான்கு மாதத்தில் அதன் விளைவு தீர்ந்துவிடும், மீண்டும் போட வேண்டும். வலுவிழந்த தசை இழுக்காத தாடை எலும்பு மெலியக் கூடும் என்ற கவலையும் இருக்கிறது. மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டியது அது.

16 வாரத்தில்

தலைவலி நாட்கள் மாதத்துக்கு 22-இலிருந்து 5 ஆகின. ஐபுப்ரோஃபென் மாதத்துக்கு இரண்டு நாள். வலியற்ற திறப்பு 43 மில்லிமீட்டர். வேலையை ஒப்படைக்கும் வாரம் ஒன்றில் வலி திரும்பியது. கைபேசி அதிர்வை மறுபடி போட்டு, வெந்நீர்த் துணியோடு ஒரு வாரத்தில் தணிந்தது. அந்த வாரத்தில் ஸ்பிளின்டின் வலப்பக்கம் புதிய தேய்வுக் கோடுகள் விழுந்திருந்தன. இரவுக் கடித்தல் நின்றுவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

க்ளிக் சத்தம் மாறவில்லை. அதற்கு எதுவும் செய்யவுமில்லை. ஒரு நாள் சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போனால், வட்டு முன்னால் சிக்கிக்கொண்டது என்று பொருள். காத்திருக்காமல் சில நாட்களுக்குள் வர வேண்டும் என்று சொல்லி, அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து என்று குறித்தார்கள். வரும்போது ஸ்பிளின்டையும் கையோடு கொண்டுவர வேண்டும்.